முந்நூற்று நாற்பத்து மூன்று சோர்வு

திங்கட்கிழமை காலையில் எந்த ஆபீசிலும் யாருக்கும் உயிர் இருக்காது. நாஞ்சிக்கோட்டை ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த இந்த ஆபீசில் வாரம் முழுக்கவே திங்கட்கிழமைதான். மூன்று மேசை, கடகடவென்று புலம்பியபடி சுற்றும் ஒரு மின்விசிறி, சுவரில் படம் காட்ட ஒரு புரொஜெக்டர். மயிலாடுதுறையிலிருந்து தினம் ரயிலில் வந்து போகும் ரெமிஜியஸ், வந்ததும் வராததுமாக லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டான். அவன் மொழியியல் படித்தவன். சொற்களைக் கம்ப்யூட்டருக்குள் போட்டு அலசுவது அவனுடைய பிழைப்பு.

டெல்டாவில் வயல் வேலைக்குப் போகும் பெண்களின் மனநலத்தைப் பற்றி ஆராய்கிற ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆபீஸ் அது. கிராம நர்சுகள் வீடு வீடாக எடுத்துப் போய்க் கேட்பதற்கு ஒரு படிவம் தயார் செய்திருந்தார்கள். பன்னிரண்டு கேள்வி. முதல் கேள்வி: 'கடந்த இரண்டு வாரங்களாகச் சோர்வாக இருக்கிறதா?' ஆம் என்றால் நர்ஸ் இரண்டாவது கேள்விக்குப் போவார். இல்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

போன மாதம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் நாற்பது பெண்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். ஆம் என்றவர்கள் இரண்டே பேர். பணம் கொடுக்கிறவர்களுக்கு இது போதாதா? இரண்டு பேருக்காக வாராவாரம் ஒரு மனநல டாக்டர் அங்கே போய் உட்கார வேண்டுமா என்று கேட்டு எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். அந்த வாராந்திர டாக்டரும், இந்த ஆராய்ச்சியின் தலைவரும் ஒருவரே. கும்பகோணத்துக்காரரான டாக்டர் தஹ்மீனா.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும் ரெமிஜியஸ்," என்றார் தஹ்மீனா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்தப் பொண்ணுங்க உண்மையிலயே நல்லா இருக்காங்களா, இல்ல நாம கேக்குற வார்த்தை அவங்க வார்த்தை இல்லையா? அவங்க பேச்சுதான் நம்மகிட்ட கெடக்கே. அதுல தேடிப் பாருங்க."

கிடக்கத்தான் செய்தது. ஆவணியிலும் புரட்டாசியிலும் தொண்ணூற்றாறு பெண்களை உட்கார வைத்துப் பேச விட்டுப் பதிவு செய்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம். அதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து தொண்ணூற்றாறு கோப்புகளாக்கி வைத்திருந்தார்கள். ஒரு சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல் வரும் ஒவ்வோர் இடத்தையும் பொறுக்கியெடுத்து, சொல்லை நடுவில் நிறுத்தி, அதன் முன்னும் பின்னும் என்ன பேசினார்கள் என்பதை வரி வரியாக அடுக்கிக் காட்டும் மென்பொருள் ரெமிஜியஸிடம் இருந்தது.

அவன் 'சோர்' என்று அடித்து அதன் வாலில் ஒரு நட்சத்திரக் குறி போட்டான். தமிழ்ச் சொல் தனியாக வீட்டை விட்டுக் கிளம்பாது, விகுதி வேற்றுமை என்று குடும்பத்தோடுதான் வரும். நட்சத்திரம் போட்டால்தான் சோர்வு, சோர்வாக, சோர்வை, சோர்ந்து எல்லாம் அகப்படும். சுவர் நிறைந்துவிட்டது.

"முந்நூத்தி நாப்பத்திமூணு," என்றான் ரெமிஜியஸ்.

அடுத்து வரும் சொல்லைக் கொண்டு வரிசைப்படுத்தினான். 'சோர்வாக இருக்கிறது' ஒரு பக்கம் ஒழுங்காக நின்றது. 'சோர்வாக உணர்கிறேன்' அதன் கீழே பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி நின்றது.

"அப்ப வார்த்தை சரிதான்," என்றார் தஹ்மீனா.

"சரிதான் டாக்டர். அவங்க வாயிலயே இத்தன தடவ வருதே."

"அப்ப கேள்வி புரிஞ்சுதான் இல்லன்னு சொல்லியிருக்காங்க. பேச்சுல வர்றது நடவு நேரத்துச் சோர்வா இருக்கும், பொண்ணுங்க நல்லாத்தான் இருக்காங்க." அவர் குரலில் நிம்மதி இல்லை. ஒரு வேலை முடிந்த அலுப்புதான் இருந்தது. "நல்லது. வெள்ளிக்கெழம அப்படியே எழுதி அனுப்பிடுறேன். அங்க போறத நிறுத்திக்கலாம்."

பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த மரியபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் தெரிந்த வரிகள் எல்லாம் அவளுக்கு அடையாளம் தெரிந்தன. தன் வீட்டுக் கொடியில் காயும் துணி யாருக்குத்தான் தெரியாது?

மரியபுஷ்பம் பத்தொன்பது வருஷம் தமிழ் டீச்சர். பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடம் அவளை வீட்டுக்கு அனுப்பியபோது ஐம்பது வயது. அடுத்த வருஷமே கணவர் சிங்கராயருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. காலையில் அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பக்கத்து வீட்டு ஃபிளோராவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எட்டரை பஸ்சைப் பிடிப்பாள். கிடைத்த வேலை இதுதான். கிராமங்களுக்குப் போய்ப் பெண்களைப் பேட்டி எடுக்க வேண்டும், பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். தொண்ணூற்றாறு பேரிடமும் பேசியது அவள். அறுபத்தொரு பதிவுகளைத் தட்டச்சு செய்ததும் அவள். மிச்சம் முப்பத்தைந்தைச் செய்தவன் பாசித். ஷார்ஜாவில் கடை வேலை பார்த்துவிட்டு வேண்டாமென்று திரும்பி வந்தவன்.

பாசித்தின் தமிழை அவள் எத்தனை நாள் பரிகாசம் செய்திருக்கிறாள்! "என்னப்பா இது, 'போவல', 'ஒக்காந்துகிட்டு', 'என்னாத்த சொல்ல'! இத ஒரு மனுசன் படிக்க முடியுமா?" பாசித் சிரித்துக்கொண்டே காதில் விழுந்ததை விழுந்தபடி அடித்துக்கொண்டிருப்பான். மரியபுஷ்பம் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பெண்கள் சேற்றிலிருந்து ஏறிவந்து, காலைக்கூடக் கழுவாமல், நம்பி உட்கார்ந்து பேசியவர்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் கையில் அவர்கள் பேச்சு போகும்போது, பார்த்தாயா படிக்காததுகள் பேச்சை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நல்ல சேலை கட்டி விடுகிற மாதிரிதான் அவள் நினைத்தாள். அலுப்பு, அசதி, ஓஞ்சு போச்சு, என்னமோ மாதிரி இருக்கு என்று அவர்கள் எதைச் சொன்னாலும் அவள் விரல் 'சோர்வு' என்று திருத்திக்கொண்டே போனது. ஒவ்வொரு கோப்பின் கடைசியிலும், 'கேட்டபடியே எழுதப்பட்டது' என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்து.

சுவரில் ஒரு வரி அவள் கண்ணில் பட்டது. நாற்பத்தேழாம் கோப்பு. '...எதைச் செய்தாலும் மிகவும் சோர்வாக உணர்கிறேன், படுத்தாலும்...' செவ்வந்தி. திருக்காட்டுப்பள்ளிக்கு மேற்கே, வாய்க்காலை ஒட்டிய தெரு. நாற்றுப் பறித்துவிட்டு வந்து, கையை மடியில் போட்டுக்கொண்டு, வெகு நேரம் பேசாமல் இருந்து பிறகு பேசியவள். போன மாதம் நர்ஸ் ரெத்தினம் படிவத்தோடு போனபோது இல்லை என்று சொன்னவர்களில் அவளும் ஒருத்தி.

இவள் இப்படிச் சொல்லவில்லையே. பின்னே என்ன சொன்னாள்? எவ்வளவு யோசித்தும் மரியபுஷ்பத்துக்கு நினைவு வரவில்லை. தான் எழுதியதுதான் நினைவில் இருந்தது. அது அவளைப் பயமுறுத்தியது.

மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனபோது ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைத் திறந்தாள். முப்பத்தெட்டாவது நிமிஷம். தூரத்தில் டிராக்டர் சத்தம், பக்கத்தில் ஒரு கோழி. பிறகு செவ்வந்தியின் குரல்.

"அலுப்புன்னா படுத்து எந்திரிச்சா போயிரும் டீச்சரம்மா. இது போவல. எதுலயும் ஒரு புடிப்பு இல்ல. சோறாக்குறேன், திங்குறேன், வேலைக்குப் போறேன். எதுக்குன்னு தெரியல."

மரியபுஷ்பம் தன் கோப்பைப் பார்த்தாள். 'சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், வேலைக்குச் செல்கிறேன். எதைச் செய்தாலும் மிகவும் சோர்வாக உணர்கிறேன், படுத்தாலும் சோர்வு போவதில்லை.' ஒரு பிழை கிடையாது. நூற்றுக்கு நூறு போடலாம். செவ்வந்தி இரண்டையும் அத்தனை தெளிவாகப் பிரித்துச் சொல்லியிருந்தாள், இது அலுப்பு இல்லை என்று. டீச்சர் இரண்டையும் ஒன்றாக்கிக் கலக்கி வைத்திருந்தாள்.

அன்றைக்கு அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். சிங்கராயருக்கு மாத்திரை, பிசியோதெரபிக்கு வருகிற ஆள், வீட்டு வாடகை. பேசாமல் இருந்தால் வெள்ளிக்கிழமை ஒரு கடிதம் போகும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, வார்த்தை சரி என்று. அவளை யாரும் கேட்கப் போவதில்லை. சாயங்காலம் பஸ்சில் நின்றபடியே வந்தாள். கால் வலித்தது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணவருக்கு ரசஞ்சாதம் ஊட்டும்போது, "என்னா ஒரு மாதிரி இருக்க?" என்று அவர் குழறலாகக் கேட்டார். "ஒண்ணுமில்ல, அலுப்பு," என்றாள். சொல்லிவிட்டு அந்தச் சொல்லைத் தன் வாயிலேயே கேட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் அவளே ஒரு நாள்கூடச் சோர்வாக உணர்ந்ததில்லை. அலுத்துப் போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை ரெமிஜியஸ் டீ கிளாசோடு உட்கார்ந்திருந்தபோது போய் நின்றாள். பாசித்தும் இருந்தான்.

"தம்பி, அந்த முந்நூத்தி நாப்பத்திமூணு இருக்கே, அத யார் அடிச்ச ஃபைல்ல எத்தனைன்னு பிரிச்சுப் பாக்க முடியுமா?"

"முடியுமே. ஃபைல் பேர்லயே ஒங்க எழுத்தும் பாசித் எழுத்தும் இருக்குல்ல. ஏன் டீச்சர்?"

"பாருங்க, சொல்றேன்."

அவன் ஒரு நிமிஷம் எதையோ அழுத்தினான். டீ கிளாசைக் கீழே வைத்தான்.

"ஒங்களோடதுல முந்நூத்தி முப்பத்தெட்டு. பாசித்தோடதுல..." திரையைக் கிட்டத்தில் பார்த்தான். "அஞ்சு."

அவன் பாசித்தைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சந்தேகத்துக்கே இடமில்லை. "என்னடா அடிச்சு வச்சிருக்க? வார்த்தையவே தப்புத் தப்பா அடிச்சிருப்ப, அதான் மாட்டல."

"அண்ணே, சத்தியமா காதுல விழுந்ததத்தான் அடிச்சேன்," என்றான் பாசித். முகம் சுருங்கிவிட்டது. "அந்த அஞ்ச வேணா தொறந்து பாருங்க."

ரெமிஜியஸ் திறந்தான். ஐந்து வரியும் 'கே' என்ற எழுத்தோடு தொடங்கின. கே என்றால் கேள்வி. பதில் சொன்ன பெண்களின் பேச்சு 'ப' என்று தொடங்கும். ஐந்தும் கேள்விகள். "உங்களுக்குச் சோர்வா இருக்குமாம்மா?" ஐந்து தடவையும் கேட்டது மரியபுஷ்பத்தின் வாய்தான். பாசித் தட்டச்சு செய்த முப்பத்தைந்து பெண்களில் ஒருத்திகூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

"அவன்மேல தப்பு இல்ல," என்றாள் மரியபுஷ்பம். "யாரும் சோர்வுன்னு சொல்லல தம்பி. அத்தனையும் நான் போட்டது. அவங்க பேச்ச நான் திருத்திட்டேன்."

ரெமிஜியஸ் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஐந்து மாதமாக அந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு அட்டவணை போட்டவன் அவன்.

"அறுபத்தோரு ஃபைலுமா டீச்சர்?"

"அறுபத்தொண்ணும்."

விஷயம் தெரிந்ததும் டாக்டர் தஹ்மீனா கத்தினார். நியாயமாகத்தான் கத்தினார். "ஒவ்வொரு ஃபைல் கடைசியிலயும் கேட்டபடியே எழுதினேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே! ரெத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ட யாராவது அழகா இருக்கட்டும்னு மாத்தி எழுதுவாங்களா?"

"படிக்கிறவங்க அவங்கள மட்டமா நெனைச்சிரக் கூடாதுன்னுதான் டாக்டர்..."

"யாரு மட்டமா நெனைச்சது? நாங்களா, நீங்களா?"

மரியபுஷ்பம் தலைகுனிந்து நின்றாள். வகுப்பில் எத்தனை பிள்ளைகளை இப்படி நிற்க வைத்திருப்பாள். நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

தஹ்மீனா ஜன்னலோரம் போய் நின்று, கோபம் அடங்கிய பிறகு திரும்பினார். "நேத்து நான் அந்தச் செவுத்தப் பாத்துட்டு அங்க போறத நிறுத்த இருந்தேன். நீங்க சொல்லலன்னா நிறுத்தியிருப்பேன். அதனால இப்ப வெளிய போங்கன்னு சொல்லல. அறுபத்தொண்ணையும் மறுபடி கேட்டு எழுதிக் குடுங்க. பங்குனிக்குள்ள வேணும். அதோட நீங்க நின்னுக்கணும் டீச்சர். வேற வழி இல்ல எனக்கு."

"சரி டாக்டர்," என்றாள். பதிவில் பிழை கண்டுபிடித்திருக்கிறோம், முடிவெடுக்க இரண்டு மாதம் அவகாசம் வேண்டும் என்று வெள்ளிக்கிழமை ஒரு கடிதம் போனது. பிழை யாருடையது என்று அதில் இல்லை.

பிறகு வந்த வாரங்களை மரியபுஷ்பம் சாகும்வரை மறக்கமாட்டாள். ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு எழுத ஆறு மணி நேரம் ஆகும். கை சொன்ன பேச்சைக் கேட்காது. 'போவல' என்று காதில் விழும், 'போகவில்லை' என்று விரல் அடித்துவிடும். அழிப்பாள், மறுபடி அடிப்பாள். சத்தம் தெளிவில்லாத இடத்தில் இதுவாகத்தான் இருக்கும் என்று தானாக நிரப்பக் கூடாது, புள்ளி வைத்துவிட வேண்டும். பேசாமல் இருந்தால் எத்தனை நொடி என்று குறிக்க வேண்டும். இதையெல்லாம் பாசித் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒரு தடவைகூட அவன் பரிகாசம் செய்யவில்லை. செய்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வாரத்துக்கு ஆறு நாளும் காதில் பெண்கள் பேசினார்கள். நடவுக்கு ஆள் கூப்பிடாமல் மிஷினை இறக்கிய மிராசைப் பற்றி, குடிக்கிற புருஷனைப் பற்றி, துபாயில் இருக்கும் மகன் போன் எடுக்காததைப் பற்றி. நேரில் உட்கார்ந்து கேட்டபோது காதில் விழாததெல்லாம் இப்போது விழுந்தது.

பங்குனி இரண்டாம் வாரம் அறுபத்தொன்றும் முடிந்தது. ரெமிஜியஸ் தஹ்மீனாவோடு அவளையும் உட்காரச் சொன்னான். இந்தத் தடவை முதல் வேலையாகக் கேள்விகளை ஒதுக்கிவிட்டுப் பதில்களில் மட்டும் தேட வைத்தான். 'சோர்*' என்று கொடுத்தான். இரண்டே வரி வந்தது. ஒன்று அங்கன்வாடி டீச்சர் பேசியது. இன்னொன்று, டிவியில் ஒரு டானிக் விளம்பரத்தைச் சொல்லிக் காட்டிய ஒரு கிழவி.

'அலுப்பு' இருநூற்றுக்கு மேல் வந்தது. அதற்குப் பின்னால் வந்த சொற்களைப் படித்தார்கள். படுத்தா, வெந்நி வச்சு ஊத்துனா, ஒரு டீய குடிச்சா. முன்னால் நடவு, களை, கட்டுத் தூக்குனது. வேலை செய்த உடம்பின் சொல் அது. வரும், போகும்.

பிறகு 'பிடிப்பு' என்று தேடினார்கள். பேச்சில் புடிப்பு என்றும் வரும் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். முதலில் இடுப்புப் பிடிப்பும் வாயுப் பிடிப்புமாக வந்து தொலைத்தது. பாதிச் சுவர் சுளுக்குதான். அவற்றைப் படித்துப் படித்து ஒதுக்கியபின் ஐம்பத்தெட்டு வரி மிஞ்சியது. முன்னால் 'எதுலயும்', 'வாழ்றதுல', 'புள்ளைங்க மேலகூட'. பின்னால் கிட்டத்தட்ட எல்லா வரியிலும் ஒன்றுதான்: இல்ல. இல்ல. விட்டுப்போச்சு. இல்ல.

"ஒரே ஆளு அம்பது தடவ சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார் தஹ்மீனா.

ரெமிஜியஸ் பார்த்துச் சொன்னான். "முப்பத்தோரு பேர் சொல்லியிருக்காங்க டாக்டர். எல்லா ஊர்லயும் இருக்கு."

தஹ்மீனா எழுந்து சுவரருகே போய், ஐம்பத்தெட்டு வரியையும் ஒன்றுவிடாமல் படித்தார். வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்து எழுத்துகள் கன்னத்தில் ஓடின. "என்கிட்ட வர்றவங்க இத சொல்லத்தான் செய்றாங்க," என்றார் மெதுவாக. "நான்தான் கேஸ் ஷீட்ல வேற எழுதிக்கிறேன்." முதல் கேள்வியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள்.

மரியபுஷ்பத்தின் கடைசி வேலை நாளன்று நர்ஸ் ரெத்தினம் புதுப் படிவத்தை எடுத்துக்கொண்டு திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் கிளம்பினாள். அங்குள்ளவர்களுக்கு டீச்சரைப் பழக்கம் என்பதால் கூடப் போகச் சொன்னார் தஹ்மீனா. வெயில் பதினொரு மணிக்கே மண்டையைப் பிளந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. தெருவில் உளுந்துச் செடியைக் காய வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தி வாசலில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். ஆவணியில் பார்த்ததைவிடப் பாதியாக இளைத்திருந்தாள்.

"வாங்க டீச்சரம்மா. நர்சம்மா, நீங்களும் வாங்க. போன தடவையே வந்து கேட்டுட்டுப் போனீங்களே?"

"இன்னொரு தடவ கேக்கணும்மா. கேள்விய மாத்தியிருக்கோம்," என்றாள் ரெத்தினம். நிழலில் ஒதுங்கி நின்று, தாளைப் பார்த்துப் படித்தாள். "ரெண்டு வாரமா எதுலயும் ஒரு புடிப்பு இல்லாம இருக்கா?"

முறம் நின்றது. செவ்வந்தி நர்சைப் பார்க்கவில்லை. மரியபுஷ்பத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒரு திடுக்கிடல். யாரோ வீட்டுக்குள் புகுந்து பார்த்துவிட்ட மாதிரி.

"யாரு சொன்னா ஒங்களுக்கு?"

எல்லாரிடமும் பொதுவாகக் கேட்கிற கேள்விதான் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ரெத்தினம் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"நீங்கதான் சொன்னீங்க," என்றாள் மரியபுஷ்பம். "ஆவணியில, நாத்து பறிச்சிட்டு வந்து இதே வாசல்ல ஒக்காந்து சொன்னீங்க. அலுப்பு இல்ல, இது வேறன்னு சொன்னீங்க. நான்தான் எழுதாம வேற எழுதிட்டேன்."

செவ்வந்தி விரல்விட்டு எண்ணினாள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று உதடு அசைந்தது.

"ஏழு மாசம் ஆச்சே டீச்சரம்மா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மரியபுஷ்பத்துக்கு அழுகை வந்திருக்காது.

"ஆமா," என்றாள்.

செவ்வந்தி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, மடியில் ஒட்டியிருந்த உளுந்துத் தூசியைத் தட்டிக்கொண்டு, நர்ஸ் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "புடிப்பு இல்லதான். அப்பயும் இல்ல, இப்பயும் இல்ல. எழுதிக்கங்க."

ரெத்தினம் 'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு இரண்டாவது கேள்வியைப் படிக்கத் தொடங்கினாள். அந்தக் கேள்வி வரைக்கும் செவ்வந்தி வந்தது அதுதான் முதல் தடவை.